வேலை மாறும்போது கைக்கு வரும் மூன்று பணம்: பிஎஃப், கிராஜுவிட்டி, ஆட்குறைப்பு இழப்பீடு

கடலூர் சிப்காட்டில் ஒரு வேலையை விட்டுவிட்டுப் புதுச்சேரி சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ இன்னொரு வேலையில் சேர்வது எங்கள் பக்கத்தில் சாதாரணம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், வீட்டை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு மாத இடைவெளியில் பத்து, பதினைந்து வருடச் சேமிப்பை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகத் தொழிற்சாலைகளின் டைம் ஆபீஸில் சம்பளக் கணக்கு பார்த்தவன் நான். முதன்முதலாக வேலை மாறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் மச்சினன் கதையை வைத்தே சொல்கிறேன். அவனுக்கு வயது 34. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் 2019 ஜூன் முதல் 2026 ஜனவரி 31 வரை வேலை பார்த்தான். மொத்தம் 6 வருடம் 8 மாதம். மாதச் சம்பளம் 26,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்த்து 18,200. அவன் இருந்த யூனிட்டில் உற்பத்தியை நிறுத்திவிட்டு, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து ஆட்களைக் குறைத்தார்கள். மார்ச் 2-ஆம் தேதி சேதராப்பட்டில் வேறு கம்பெனியில் சேர்ந்தான்.

அவனுக்கு வர வேண்டியது மூன்று வகைப் பணம். செட்டில்மென்ட் என்று ஒரே பெயரில் பேசுவார்கள், ஒரே செக்காகவும் கொடுப்பார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, வரி வேறு, செலவழிக்க வேண்டிய விதமும் வேறு. முதலில் இந்த மூன்றையும் மனதில் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். இழப்பீடு என்பது அடுத்த வேலை கிடைக்கும்வரை வீடு நடக்க வேண்டிய பணம். கிராஜுவிட்டி பல வருடச் சேவைக்காகக் கம்பெனி தருவது, அந்தக் கம்பெனியோடு முடிந்துபோகிற பணம், புதுக் கம்பெனிக்குக் கூடவே வராது. பிஎஃப் மட்டும்தான் கூடவே வரும், அதைத் தொடாமல் கொண்டுபோக வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

கடைசி வேலை நாளில் ஒரு தாளை நீட்டுவார்கள். பெரும்பாலும் அதில் "என் சொந்தக் காரணங்களால், சொந்த விருப்பத்தின் பேரில் ராஜினாமா செய்கிறேன்" என்று டைப் அடித்திருக்கும். "இது ஃபார்மாலிட்டிதான், இதைப் போட்டால்தான் செட்டில்மென்ட் ஓடும்" என்பார்கள். மச்சினனிடமும் அதையேதான் சொன்னார்கள். அவன் போன் போட்டான். கையெழுத்துப் போடாதே, ஆட்குறைப்பு என்று கம்பெனியே கடிதம் கொடுக்கட்டும் என்றேன்.

காரணம் இதுதான். தானாக ராஜினாமா செய்தவருக்குச் சட்டப்படி இழப்பீடு கிடையாது. கம்பெனியே ஆளைக் குறைத்தால்தான், ஒரு வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு உண்டு. கடைசி வருடம் ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அதையும் முழு வருடமாக எடுக்க வேண்டும். மச்சினனின் 6 வருடம் 8 மாதம் 7 வருடம் ஆகிறது. 15 நாள் சம்பளம் என்பது இங்கே அடிப்படையும் டி.ஏ.வும் சேர்ந்த மாதச் சம்பளத்தில் பாதி. 18,200-இல் பாதி 9,100. அதை 7-ஆல் பெருக்கினால் 63,700 ரூபாய். அந்த ராஜினாமாத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த 63,700 முழுவதும் போயிருக்கும்.

வரியும் அந்தத் தாளைப் பொறுத்ததுதான். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 5 லட்சம் ரூபாய் அல்லது சட்டக் கணக்குப்படி வரும் தொகை, இதில் எது குறைவோ அதுவரை வருமான வரி இல்லை. இதே பணத்தை "கருணைத் தொகை" என்றோ "எக்ஸ்கிரேஷியா" என்றோ எழுதிக் கொடுத்தால் அது சம்பளத்தோடு சேர்ந்த வருமானமாகக் கருதப்பட வாய்ப்புண்டு. அதனால் செட்டில்மென்ட் தாளில் ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக எழுதியிருக்கட்டும்: கடைசி மாதச் சம்பளம், விடுப்புச் சம்பளம், ஆட்குறைப்பு இழப்பீடு, கிராஜுவிட்டி. நான்கையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த இழப்பீடு தொழிலாளர்கள் என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு. மேனேஜர் நிலையில் இருப்பவருக்கு அவருடைய நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான், அதில் வரும் பணத்துக்கு வரியும் உண்டு.

"எனக்குச் சேர வேண்டிய எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற ரசீதும் கடைசியில் வரும். கிராஜுவிட்டி இன்னும் வரவில்லை என்றால், அந்த வாக்கியத்துக்குக் கீழே "கிராஜுவிட்டி இன்னும் பெறவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை. ஆறு மாதம் கழித்து யார் சொல்வது உண்மை என்ற பேச்சு வரும்போது அந்தப் போட்டோதான் பேசும்.

கிராஜுவிட்டி: 26-ஆ 30-ஆ?

கிராஜுவிட்டியும் வருடத்துக்கு 15 நாள் சம்பளம்தான். ஆனால் இங்கே நாள் கூலியை வேறு மாதிரி எடுக்க வேண்டும். மாதத்தில் வாராந்திர விடுமுறை போக 26 நாள் என்று வைத்து, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் டி.ஏ.வையும் கூட்டி 26-ஆல் வகுக்க வேண்டும்.

மச்சினனுக்கு 18,200-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 700. 15 நாளைக்கு 10,500. 7 வருடத்துக்கு 73,500 ரூபாய். கம்பெனி போட்ட தாளில் இருந்தது 54,600. நான் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். 18,200-ஐ 26-க்குப் பதில் 30-ஆல் வகுத்து, இழப்பீட்டுக்குப் போட்ட அதே 9,100-ஐ இங்கேயும் எடுத்திருக்கிறார்கள். அதோடு 8 மாதத்தை விட்டுவிட்டு 6 வருடம் என்று பெருக்கியிருக்கிறார்கள். ஒரே தாளில் இரண்டு தவறு, 18,900 ரூபாய் குறைவு. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு கணக்கும் "15 நாள்" என்று ஒரே மாதிரி இருப்பதால் பழகிய கிளார்க்குகளே குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உங்கள் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்:

```
கிராஜுவிட்டி = (அடிப்படை + டி.ஏ.) ÷ 26 × 15 × வருடங்கள்
இழப்பீடு     = (அடிப்படை + டி.ஏ.) ÷ 2 × வருடங்கள்
```

அடிப்படைச் சம்பளம் மிகக் குறைவாக இருந்து மீதியெல்லாம் அலவன்ஸ் என்று பேஸ்லிப்பில் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், விலக்களிக்கப்பட்ட அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளக் கணக்கிலேயே சேரும். 26,000 சம்பளத்தில் அடிப்படை 9,000 மட்டும் என்று போட்டிருக்கும் இடங்களில் கிராஜுவிட்டிக் கணக்கு இதனால் கூடும். மச்சினனுக்கு அலவன்ஸ் 7,800 மட்டும்தான், பாதியைத் தொடவில்லை, அதனால் அவன் கணக்கு மாறவில்லை.

கிராஜுவிட்டி கிடைக்க ஒரே கம்பெனியில் ஐந்து வருடத் தொடர் சேவை வேண்டும். குறித்த காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு எடுக்கப்பட்டவர்களுக்குப் புதிய சட்டத்தில் ஒரு வருடம் போதும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நாலே முக்கால் வருடம், நாலு வருடம் பத்து மாதம் ஆன நிலையில், புதுக் கம்பெனி அவசரப்படுத்துகிறது என்று கிளம்பிவிடுவார்கள். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது முழு வருடமாகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கம்பெனி ஒத்துக்கொள்ளாமல் வழக்கு என்று இழுத்தால் அலைய வேண்டியவர் நீங்கள். உங்களால் முடியுமானால் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டு, ஐந்து வருடத்தை முடித்துவிட்டே ராஜினாமா கொடுங்கள். இரண்டு மாதம் பொறுத்தால் ஐந்து வருடப் பணம் கிடைக்கிறது, எந்தப் புதுக் கம்பெனியின் சம்பள உயர்வும் இரண்டு மாதத்தில் அதைத் தராது.

கேட்கும் முறை இப்படி. வேலை முடிந்த 30 நாளுக்குள் கிராஜுவிட்டிக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். இரண்டு நகல் எடுத்து ஒன்றில் கம்பெனி சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். 30 நாளில் அவர்கள் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் தனி வட்டியும் சேர்த்துத் தர வேண்டும். கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென்று உள்ள அதிகாரியிடம் மனு. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு ஒரு முக்கியமான விஷயம்: மனு போக வேண்டியது நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு அல்ல, வேலை பார்த்த இடத்துக்கு. மஞ்சக்குப்பத்தில் வீடு, வில்லியனூரில் வேலை என்றால் புதுச்சேரித் தொழிலாளர் துறை. அரியாங்குப்பத்தில் வீடு, சிப்காட்டில் வேலை என்றால் தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறை. தவறான அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு மாதக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

மச்சினன் பிப்ரவரி 3-ஆம் தேதி விண்ணப்பம் கொடுத்தான். 54,600 கணக்கில் ஏறியது. கணக்குத் தவறைக் காட்டி அரைப்பக்கக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தோம், சண்டையெல்லாம் இல்லை. ஏப்ரலில் மீதி 18,900-உம் வந்தது. கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரை வரி கிடையாது என்பதால் அவனுக்கு வரிக் கவலையும் இல்லை.

பிஎஃப்: எடுக்கலாமா, மாற்றலாமா?

இனி பிஎஃப். இதில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. 2000-களின் நடுவில் நான் முதல் கம்பெனியை விட்டபோது, அங்கே இருந்த பெரியவர் ஒருவர் இரண்டு பாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஒன்று பிஎஃப் எடுக்கும் 19-ஆம் எண் படிவம், இன்னொன்று பென்ஷன் பணம் எடுக்கும் 10சி. நிரப்பினேன், பணம் வந்தது, ஒரு பைக் வாங்கினேன். அந்த 10சி-யோடு என் எட்டு வருடப் பென்ஷன் சேவை அழிந்துபோனது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அது இல்லாமல் என் பென்ஷன் கணக்கு எவ்வளவு குறைகிறது என்று இப்போது பார்க்கும்போதெல்லாம், புதிதாக வேலை மாறுகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனியும் 12 சதவீதம் போடுகிறது. கம்பெனி போடுவதில் ஒரு பகுதி உங்கள் பிஎஃப் கணக்குக்கு வராமல் பென்ஷன் நிதிக்குப் போகிறது. 15,000 வரையான சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது அதிகபட்சம் மாதம் 1,250 ரூபாய். மச்சினனுக்குக் கடைசியில் அவன் பங்கு 2,184, கம்பெனி பங்கு 2,184. கம்பெனி பங்கில் 1,250 பென்ஷனுக்கு, 934 பிஎஃப்-க்கு. பாஸ்புக்கில் இது மூன்று பத்தியாக இருக்கும். இந்த மூன்று பத்தியையும் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அவனுடைய பிஎஃப்-இல் 2,46,000 ரூபாய் இருந்தது. "எடுத்துடலாமா மாமா, வீட்டுக்கு மேல ஷீட் போடணும்" என்றான். நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 2024-25-ஆம் ஆண்டுக்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். வட்டி ஆண்டுக்கு ஆண்டு மாறும், இருந்தாலும் இதே அளவு என்று வைத்துக்கொண்டால், இன்றைய 2,46,000 அவனுக்கு 58 வயதாகும்போது, இனிமேல் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காமலே, ஏறத்தாழ 16 லட்சம் ஆகிறது. பென்ஷன் பக்கம் இன்னும் முக்கியம். பத்து வருடச் சேவை இருந்தால்தான் மாதப் பென்ஷன் உரிமை வரும். அவனிடம் 6 வருடம் 8 மாதம் இருக்கிறது. இன்னும் மூன்றரை வருடத்துக்குள் அந்த உரிமை வந்துவிடும். அதை இப்போது 10சி போட்டு எடுத்தால் கையில் வருவது ஏறத்தாழ ஒரு லட்சம். புதுக் கம்பெனியில் பென்ஷன் சேவை மறுபடியும் ஒன்றாம் வருடத்தில் தொடங்கும்.

அதோடு, வேறு வேலையில் சேர்ந்துவிட்டவர் முழுப் பிஎஃப்-ஐ எடுக்க விதியும் இடம் தரவில்லை. வேலையில்லாமல் இருப்பவருக்குத்தான் அது. அதற்கான காலமும் நீளும் வகையில் 2025 அக்டோபர் 13-ஆம் தேதி பிஎஃப் மத்திய அறங்காவலர் குழு ஒரு முடிவு எடுத்தது: வேலை போனால் 75 சதவீதம் உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும், பென்ஷன் பணத்துக்கு 36 மாதம். முன்பு இரண்டுக்கும் இரண்டு மாதம்தான். வீட்டில் அடுப்பு எரிய வேறு வழியே இல்லை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பணம்தான். அப்போதும் பிஎஃப்-ஐ மட்டும் எடுங்கள், 10சி-யைத் தொடாதீர்கள். விண்ணப்பிக்கும் நாளில் இணையதளம் எந்தக் காத்திருப்புக் காலத்தைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேவை ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் பிஎஃப் எடுத்தால் வரியும் வரும். தொகை 50,000 அல்லது அதற்கு மேல் போனால், பான் எண் இணைத்திருப்பவருக்கு 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். உடல்நலம் கெட்டதாலோ கம்பெனியே மூடப்பட்டதாலோ வேலை போனவருக்கு இந்த வரி இல்லை. எடுக்காமல் மாற்றிக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது. பழைய கம்பெனியின் வருடமும் புதிய கம்பெனியின் வருடமும் சேர்ந்துதான் அந்த ஐந்து வருடம் கணக்காகும்.

மாற்றும் வேலை, படிப்படியாக

முதலில், வேலையில் இருக்கும்போதே உங்கள் 12 இலக்க யுஏஎன் எண்ணை வைத்து unifiedportal-mem.epfindia.gov.in தளத்தில் நுழைந்து பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் அதிகம் இடிக்கும் இடம் இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பிஎஃப்-இல் முன்னால் இருக்கும். ஒன்றில் பெயர் சேர்ந்தும் மற்றொன்றில் பிரிந்தும் இருக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு யுஏஎன் வாங்கியவர்கள், அது ஆதாரோடு சரிபார்க்கப்பட்டிருந்தால், 2025 முதல் இந்தத் திருத்தங்களைக் கம்பெனி தயவில்லாமல் தாங்களே செய்துகொள்ள முடிகிறது. அதற்கு முன்னால் வாங்கியவர்கள் பழைய கம்பெனியில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு கேட்டில் நின்று கேட்பது வேறு அனுபவம்.

அதே தளத்தில் "View" மெனுவில் "Service History"-யைத் திறந்து பாருங்கள். காண்ட்ராக்டர் மூலம் வேலை பார்த்தவர்களுக்கு இது அவசியம். அதே கேட், அதே மெஷின், ஆனால் காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது உறுப்பினர் எண் போட்டிருப்பார்கள். ஒருவருக்கு ஐந்து எண்கூடப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு எண்ணிலும் தனியாகப் பணம் கிடக்கும். கடைசி எண்ணை மட்டும் மாற்றிவிட்டு மற்ற நான்கையும் மறந்துவிடுவார்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

இரண்டாவது, புதுக் கம்பெனியில் சேரும் நாளில் 11-ஆம் எண் படிவம் என்று ஒரு உறுதிமொழித் தாள் தருவார்கள். அவசரத்தில் எல்லாரும் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு, நிரப்புவதை டைம் ஆபீஸிடம் விட்டுவிடுகிறார்கள். இதை நீங்களே நிரப்புங்கள். பழைய யுஏஎன் எண்ணை எழுதுங்கள். "எனக்குப் பிஎஃப் இல்லை" என்று சொல்லிப் புது யுஏஎன் வாங்க முயல வேண்டாம். பழைய பணத்தைச் சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள், பின்னால் இரண்டு எண்ணையும் ஒன்றாக்க நீங்கள்தான் அலைவீர்கள். அந்தத் தாளில், ஏற்கெனவே 1995-ஆம் ஆண்டு பென்ஷன் திட்டத்தில் உறுப்பினரா என்ற கேள்வி இருக்கும். பழைய பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் பணம் போயிருந்தால் "ஆம்" என்று குறியுங்கள். இந்த ஒரு டிக் ஏன் முக்கியம் என்று கடைசியில் சொல்கிறேன். நிரப்பிய தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வெளியேறிய தேதி. பழைய கம்பெனி உங்கள் கணக்கில் அந்தத் தேதியைப் போடாதவரை, பிஎஃப் கணக்குப்படி நீங்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறீர்கள். மாற்றமும் நகராது. மச்சினனுக்கு அவர்கள் போடவில்லை, மூன்று முறை போன் செய்தும் "இந்த வாரம் போட்டுடுறோம்" என்றார்கள். கடைசிப் பங்களிப்பு மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தால் நாமே போடலாம். "Manage" மெனுவில் "Mark Exit" என்று இருக்கும். கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, தேதியும் காரணமும் கொடுத்து, ஆதார் இணைத்த போனுக்கு வரும் ஓடிபி-யைப் போட்டால் முடிந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே செய்தோம். தேதியில் மட்டும் மிகக் கவனம். ஒருமுறை போட்டால் திருத்துவது பெரும்பாடு. கம்பெனிக் கடிதத்தில் உள்ள தேதியையே போடுங்கள். புது வேலையில் சேர்ந்த தேதிக்குப் பின்னால் போய்விட்டால், ஒரே ஆள் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாகக் கணக்கு ஆகி, விண்ணப்பம் திரும்பிவிடும்.

நான்காவது, மாற்றக் கோரிக்கை. புதுக் கம்பெனியின் முதல் மாதப் பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்படும். அது பாஸ்புக்கில் தெரிந்த பிறகு "Online Services" மெனுவில் "One Member – One EPF Account" என்பதைத் திறந்து, பழைய உறுப்பினர் எண்ணைக் காட்டி, ஓடிபி போட்டு அனுப்புங்கள். ஆதார் சரியாக இணைந்திருந்தால் இப்போது பெரும்பாலும் கம்பெனி ஒப்புதல்கூடக் கேட்பதில்லை. சிலருக்கு நாம் கேட்காமலே தானாக மாறிவிடுகிறது, அதனால் முதலில் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுக் கோரிக்கை போடுங்கள்.

பிரவுசிங் சென்டரில் கொடுத்துச் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் தெரியாது என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்திலேயே உட்காருங்கள். ஓடிபி-யைச் சொல்வதற்கு முன்னால் திரையில் இருப்பது மாற்றக் கோரிக்கையா, 19, 10சி போன்ற எடுக்கும் படிவமா என்று கேளுங்கள். "பிஎஃப் க்ளெய்ம்" என்று நீங்கள் சொன்னதை வைத்து அவர்கள் எடுக்கும் படிவத்தைப் போட்டுவிட்ட கதைகள் ஒன்றிரண்டு இல்லை. அவர்களுடைய போன் எண்ணை உங்கள் கணக்கில் பதிய விடவே கூடாது.

சிக்கினால் எங்கே போவது? உறுப்பினர் எண்ணின் முதல் ஐந்து ஆங்கில எழுத்துகள் உங்கள் கணக்கு எந்த மண்டலம், எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும். புதுச்சேரியில் பிஎஃப் மண்டல அலுவலகம் இருக்கிறது. வெகுதூரம் போக முடியாதவர்களுக்காக ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பிஎஃப் அலுவலர்கள் குறைதீர் முகாம் நடத்துகிறார்கள். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், ஆட்குறைப்புக் கடிதம் ஆகியவற்றின் நகலோடு போங்கள். பிஎஃப் மத்திய அரசு விஷயம், அதனால் கிராஜுவிட்டி மாதிரி மாநில எல்லை இங்கே குறுக்கே வராது.

கையில் வந்த பணம்

இழப்பீடு 63,700-ஐயும் கடைசிச் சம்பளத்தையும் மச்சினன் வீட்டுச் செலவுக்கென்று தனி சேமிப்புக் கணக்கில் போட்டான். பிப்ரவரி முழுக்கவும், முதல் சம்பளம் வரும்வரை மார்ச்சிலும், அதிலிருந்துதான் அரிசி, பால், பள்ளி ஆட்டோ எல்லாம். கிட்டத்தட்ட பாதி மிஞ்சியது. அதை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன், புது வேலையில் தகுதிகாண் காலம் முடியும்வரை அது அவனுக்கு வேண்டும்.

கிராஜுவிட்டியில் முதலில் நகைக்கடனை அடைத்து, தங்கை கல்யாணத்துக்கு அடகு வைத்த வளையலை மீட்டோம். எந்த வங்கி டெபாசிட்டும் நகைக்கடன் வட்டியைவிட அதிகம் தராது. ஷீட் போடும் வேலை மீதிப் பணத்தில் நடந்தது, பிஎஃப்-ஐத் தொட வேண்டிய அவசியம் வரவில்லை.

மாறிய பிறகு பாஸ்புக்கில் பார்க்க வேண்டியது

மே மாதம் பழைய பணம் புதுக் கணக்குக்கு வந்தது. பாஸ்புக்கைத் திறந்தவன் பதறிப்போய் வந்தான். அவன் பங்கும் கம்பெனி பங்கும் முழுதாக வந்திருந்தன, ஆனால் பென்ஷன் பத்தியில் பூஜ்யம். இதில் பயப்பட ஒன்றுமில்லை. பென்ஷன் நிதியில் பணம் ஆள் ஆளாகச் சேர்வதில்லை. சேவை வருடமும் சம்பளமும்தான் அங்கே கணக்கு. மாறும்போது போவது சேவை விவரம் மட்டும், ரூபாய் போகாது. "Service History"-யில் பழைய கம்பெனியின் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் சரியாக இருந்தால் அந்த 6 வருடம் 8 மாதம் பத்திரமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய பூஜ்யம் வேறொன்று இருந்தது, அவன் அதைக் கவனிக்கவில்லை. புதுக் கம்பெனியில் அவனுக்கு அடிப்படைச் சம்பளம் 20,000. அவன் பங்கு 2,400, கம்பெனி பங்கு 1,150, பென்ஷன் 1,250 என்று இருக்க வேண்டும். மார்ச் மாதப் பதிவில் கம்பெனி பங்கு 2,400 என்றும் பென்ஷன் 0 என்றும் இருந்தது. கூட்டினால் அதே தொகைதான், அதனால் யாருக்கும் கண்ணில் படாது. 15,000-க்கு மேல் சம்பளத்தில் முதன்முதலாகச் சேர்பவருக்குப் பென்ஷன் திட்டம் கிடையாது. இவனுடைய சம்பளத்தை மட்டும் பார்த்து டைம் ஆபீஸில் அப்படிப் போட்டுவிட்டார்கள். ஆனால் இவன் 2019-இல் 12,000 சம்பளத்தில் சேர்ந்து ஏற்கெனவே உறுப்பினரானவன், சம்பளம் கூடினாலும் உறுப்பினராகவே தொடர வேண்டும். இதை அப்படியே விட்டிருந்தால் பத்து வருடம் என்ற எண்ணிக்கை 6 வருடம் 8 மாதத்திலேயே நின்றிருக்கும்.

11-ஆம் எண் படிவத்தின் போட்டோவும் பழைய பாஸ்புக்கின் கடைசிப் பக்கமும் எடுத்துக்கொண்டு டைம் ஆபீஸுக்குப் போனான். படிவத்தில் "ஆம்" என்று அவன் போட்ட டிக் தெளிவாக இருந்ததால் வாக்குவாதம் வரவில்லை. ஏற்கெனவே கட்டிய மாதங்களுக்குப் பிஎஃப் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் பணத்தைப் பென்ஷன் கணக்குக்கு மாற்றக் கேட்டார்கள், அது நாளாகும். மே மாதச் சம்பளத்துக்கான பதிவு ஜூன் மூன்றாம் வாரம் பாஸ்புக்கில் ஏறியது. அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் போனை நீட்டினான்: 2,400, 1,150, 1,250.